வட்டிக்கு மேற்பட்ட பங்கு

வடலூர்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இன்னும் சில மாதங்களில் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இத்தனை வருஷம் குடியிருந்த நகரியத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு, பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் விடுப்புச் சம்பளமும் ஒரே சமயத்தில் கைக்கு வந்து சேரும் வேளையில், அந்தத் தொகையை என்ன செய்வது என்று நீ யோசிப்பது நியாயமே. வங்கி டெபாசிட்டுக்குக் கிடைக்கும் வட்டியைவிட ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் ஆன்யூட்டியில், அதாவது ஆயுள் வருஷாசனத்தில், வருஷந்தோறும் கூடுதலான தொகை தருவதாக ஏஜெண்ட் சொன்னார் என்றும், அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்பது விளங்காதவரை கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். கணக்குப் பிரிவிலேயே காலத்தைக் கழித்த எனக்கு இந்தக் கேள்வி மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்தது. வருமானத்தின் ஊற்று எதுவென்று கேட்காமல் பணத்தைக் கொடுப்பவர்கள்தாம் பெரும்பாலோர்.

முதலில் ஒரு சந்தேகத்தை விலக்கிவிடுகிறேன். கார்ப்பரேஷனுக்கு வங்கிக்கு எட்டாத இரகசியமான இலாப மார்க்கம் எதுவும் கிடையாது. வருஷாசனத்துக்காக வாங்கிய பணத்தைப் பெரும்பாலும் சர்க்கார் கடன்பத்திரங்களிலும் அவற்றை ஒத்த பத்திரமான முதலீடுகளிலும்தான் அது போட்டு வைக்கிறது; அவற்றில் வரும் வட்டி, வங்கி தரும் வட்டியோடு ஏறத்தாழ ஒத்தே போகும். ஆகவே கூடுதல் என்பது வட்டியிலிருந்து பிறக்கவில்லை. உனக்கு வருஷந்தோறும் வரும் தொகையில் மூன்று அம்சங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, உன் பணத்துக்கான வட்டி. இரண்டாவது, உன் அசலிலிருந்தே கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பி வரும் பங்கு. மூன்றாவது, உன்னோடு சேர்ந்து பணம் போட்டு, உனக்கு முன்னதாகக் காலமாகிவிட்டவர்கள் விட்டுச் சென்ற அசலில் உனக்குச் சேரும் பங்கு. வங்கியில் முதல் அம்சம் உண்டு. இரண்டாவதையும் நீயே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை மட்டும் எந்த வங்கியும் தரமுடியாது.

இதை விளக்க ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உனக்கு வயது 60. கையில் 10 லட்சம். வட்டி ஆயுள் முழுவதும் 7 சதவிகிதம் என்று வைத்துக்கொள். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் சாப்பிட்டால் வருஷத்துக்கு 70,000 ரூபாய். அசலையும் சேர்த்துச் செலவழிக்கலாம் என்று துணிந்தால், எத்தனை வருஷத்துக்கு அதைப் பரப்புவது என்ற கேள்வி உடனே எழுகிறது. உன்னைப் போன்றவர்கள் சராசரியாக 83 வயதுவரை இருப்பார்கள் என்று கொண்டு 23 வருஷத்துக்குப் பரப்பினால், வருஷத்துக்கு ஏறத்தாழ 88,700 ரூபாய் எடுக்கலாம்; ஆனால் சராசரி என்ற சொல்லுக்குள்ளேயே, ஏறத்தாழப் பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருப்பார்கள் என்ற செய்தி அடங்கியிருப்பதால், 84-ஆம் வயதில் வெறுங்கையோடு நிற்கும் அபாயம் உனக்கு ஏறக்குறையப் பாதி உண்டு. அதற்குப் பயந்து 95 வயதுவரை, அதாவது 35 வருஷத்துக்கு, பரப்பினாலோ ஏறத்தாழ 77,200 ரூபாய்தான் எடுக்கமுடியும். நீ 75 வயதில் காலமாகிவிட்டால், அனுபவித்திருக்கக்கூடிய பணத்தை அனுபவிக்காமல் விட்டுப்போனவனாவாய். 96 வயதுவரை இருந்துவிட்டாலோ அப்போதும் பணம் இராது. தனி மனிதன் தன் முடிவு நாளை அறியாதவனாகையால், எந்தக் கணக்குப் போட்டாலும் அது ஒரு பக்கம் பிழையாகவே முடிகிறது.

ஆனால் ஒருவன் முடிவு தெரியாதே தவிர, ஒரு பெருங்கூட்டத்தின் முடிவுகள் எவ்வாறு பரவியிருக்கும் என்பது பெரிதும் தெரிந்த விஷயம். ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கு 10 லட்சமாக ஒரு பொது நிதியில் போட்டு, இருக்கிறவரைக்கும் எனக்கு வருஷத்துக்கு இவ்வளவு, போனபின் எனக்குப் பாத்தியதை இல்லை என்று ஒப்புக்கொண்டால், அந்த நிதி ஒவ்வொருவருக்கும் 95 வயதுவரை ஒதுக்கி வைக்கவேண்டிய அவசியமில்லை. கூட்டத்தின் சராசரிக்கு வேண்டியதை வைத்திருந்தால் போதும். 70 வயதில் போனவரின் மிச்சம் 97 வயதுவரை இருப்பவரின் குறையை ஈடு செய்துவிடும். ஆகவே, தனியாக இருந்தால் 83 வயதோடு நின்றுபோகும் அதே 88,700 ரூபாயை, கூட்டமாகச் சேர்ந்தபோது அவரவர் கடைசி நாள்வரைக்கும் கொடுக்க முடிகிறது. இது என் மாதிரிக் கணக்கு. நிர்வாகச் செலவையும் கையிருப்புக்கென்று ஒதுக்கும் பகுதியையும் கழித்துக்கொண்டு கார்ப்பரேஷன் தருவது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒரு வருஷத்துக் கதையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலக்கமாகும். 75 வயதுள்ள 100 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள். வருஷ முடிவில் 7 சதவிகித வட்டியோடு 107 லட்சம் ஆகிறது. அந்த வருஷத்தில் 4 பேர் காலமாகிவிட்டார்கள் என்றால், மிஞ்சிய 96 பேருக்குப் பங்கு போடும்போது ஆளுக்கு ஏறத்தாழ 1,11,460 ரூபாய் கிடைக்கிறது. வட்டி 7 சதவிகிதமே. அவர்கள் கைக்கு வந்ததோ 11 சதவிகிதத்துக்கு மேல். 85 வயதுக்காரர்களில் 10 பேர் போய்விடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சிய 90 பேருக்கு ஏறத்தாழ 19 சதவிகிதம் வரும். 60 வயதில் ஒருவர்தான் போகிறார் என்றால் 8 சதவிகிதத்தைச் சற்றே தாண்டும். வயது ஏற ஏற இந்த மூன்றாவது அம்சம் தடித்துக்கொண்டே போகிறது என்பதைக் குறித்துக்கொள். பின்னால் அது நமக்குப் பயன்படும்.

உன் கடிதத்தின் கடைசியில், செத்தவர் பணத்தைத் தின்பது பாவமல்லவா என்று என் தங்கை கேட்டதாக எழுதியிருந்தாய். அவள் கேள்வியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். முன்னால் போனவரிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லு. அவரும் தாம் நெடுநாள் இருந்துவிட்டால் என்ன செய்வோம் என்ற கவலையைத் தீர்த்துக்கொள்வதற்காகவே சேர்ந்தார்; இருந்த நாளெல்லாம் கூடுதலான தொகையைப் பெற்று, பிள்ளைகளின் தயவை எதிர்பார்க்காமல் வாழ்ந்தார்; அவர் 95 வயதுவரை இருந்திருந்தால் மற்றவர்கள் விட்டதிலிருந்து அவருக்கும் இதே பங்கு வந்திருக்கும். யார் கொடுப்பவர், யார் பெறுபவர் என்பது ஒருவருக்கும் தெரியாத நிலையில் எல்லோரும் மனமொப்பிச் செய்துகொண்ட ஏற்பாடு இது. உன் பிராவிடண்ட் பண்டுக் கணக்கை ஒட்டி வரப்போகும் 1995-ஆம் வருஷத்துத் தொழிலாளர் பென்ஷன் திட்டமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அந்தப் பென்ஷன் நீ இருக்கும்வரை உனக்கும், பிறகு பாதியளவு உன் மனைவிக்கும் வரும். சீக்கிரம் போனவர்களின் பங்கும் சேர்ந்துதான் நெடுநாள் இருப்பவர்களுக்கு அங்கே கிடைக்கிறது. அதில் யாரும் பாவம் கண்டதில்லை. கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் என்ற வரம்பு இருப்பதால், நெடுங்காலம் உழைத்தவருக்கும் சில ஆயிரம் ரூபாயோடு அது நின்றுவிடுகிறது என்பதுதான் குறை.

அப்படியானால் நெய்வேலியில் நாமே 100 பேர் சேர்ந்து இப்படி ஒரு நிதி வைத்துக்கொள்ளலாமே என்று உன் சிநேகிதர்கள் யாராவது புறப்படலாம். வேண்டாம் என்று சொல்லு. 100 பேரில் 4 பேர் போவார்கள் என்று எதிர்பார்த்தால், ஒரு வருஷம் ஒருவரும் போகாமலும் இருக்கலாம், இன்னொரு வருஷம் 8 பேர் போகவும் கூடும். போவார் குறைந்த வருஷங்கள் தொடர்ந்து வந்தால் நிதி வற்றிவிடும். 10,000 பேர் இருந்தாலோ எதிர்பார்க்கும் 400 என்ற எண்ணிக்கை ஏறத்தாழ 360-க்கும் 440-க்கும் நடுவில்தான் பெரும்பாலும் நிற்கும். கூட்டம் பெருகப் பெருக அதிர்ஷ்டத்தின் கை சுருங்குகிறது. மேலும் ஒரே சுரங்கத்தில் ஒரே காற்றைச் சுவாசித்து வேலை செய்து, ஒரே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்களின் ஆயுள்கள் ஒன்றோடொன்று சம்பந்தமற்றவை என்று கொள்ள முடியாது. பல ஊர்களிலும் பல தொழில்களிலும் உள்ளவர்கள் கலந்த கூட்டமே இதற்கு உகந்தது.

எவ்வளவு பெரிய கூட்டமானாலும் ஒன்றை மட்டும் அது தீர்க்காது. எல்லோருமே எதிர்பார்த்ததைவிட நெடுங்காலம் வாழ்ந்துவிட்டால், ஒருவர் மிச்சம் மற்றவர் குறையை அடைக்கும் என்ற கணக்கு பலிக்காது. அந்த நஷ்டத்தைக் கொடுப்பவர்தான் தாங்கவேண்டும். ஆகையால் இந்தியாவில் ஆக்சுவரிகள், வருஷாசனம் பெறுவோருக்கென்று தனியாக மரண விகித அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறார்கள். 2012 முதல் 2015 வரையிலான அநுபவத்தை வைத்துச் செய்த அட்டவணை ஒன்று உண்டு. தனி அட்டவணை எதற்கு என்றால், தேகத்தில் தெம்பும் நெடுநாள் இருப்போம் என்ற நம்பிக்கையும் உள்ளவர்களே இதை நாடிவருகிறார்கள். ஏற்கெனவே கடுமையாக நோய்வாய்ப்பட்டவர் வரமாட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசாங்கம் வயதைப் பாராமல் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் ஆயுள் வருஷாசனம் விற்றபோது, ஜெனிவா நகரத்து வங்கிக்காரர்கள் அம்மை கண்டு பிழைத்த, ஆரோக்கியமான சிறு பெண்குழந்தைகளாகப் பார்த்து முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆயுளின்மேல் வருஷாசனங்களை வாங்கிக் குவித்தார்கள். பிரெஞ்சுப் பொக்கிஷத்துக்குப் பெருஞ்சுமை ஏறியது. பிறகு புரட்சி வந்து அந்த அரசாங்கமே நிலைகுலைந்தபோது, வாங்கினவர்களும் நஷ்டப்பட்டார்கள். விலை வயதுக்கேற்ப இருக்கவேண்டும் என்பதும், கொடுப்பவன் உன் ஆயுள்வரைக்கும் நிலைத்து நிற்பவனாக இருக்கவேண்டும் என்பதும் இந்த ஒரு சம்பவத்திலேயே அடங்கியிருக்கின்றன. இரண்டாவதைப் பொறுத்தவரை, 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி கார்ப்பரேஷனின் பாலிசிகளுக்கு மத்திய சர்க்கார் ஜாமீன் நிற்கிறது. வங்கி டெபாசிட்டுக்கான காப்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சத்தோடு நின்றுவிடும்.

இனி நான் மிகவும் கவலையோடு சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஏஜெண்ட் உன்னிடம் கொடுத்த காகிதத்தில் ஏ முதல் ஜே வரையில் பல விருப்பங்கள் இருக்கும். ஏ என்பது ஆயுள் உள்ளவரை மட்டும் தருவது. எஃப் என்பது ஆயுள் உள்ளவரை தந்து, பிறகு நீ போட்ட தொகையை வாரிசுக்குத் திருப்பித் தருவது. நம் ஜனங்கள் எஃப் விருப்பத்தையே பெரிதும் நாடுகிறார்கள். அசலும் போகவில்லை, பென்ஷனும் வருகிறது என்ற திருப்தி அவர்களுக்கு. ஆனால் நான் மேலே சொன்ன மூன்று அம்சங்களை நினைத்துப் பார். அசலை அப்படியே திருப்பித் தரவேண்டுமென்றால், உன் அசலிலிருந்து உனக்கு எதுவும் எடுத்துத் தரமுடியாது. முன்னால் போனவர்களின் அசலும் அவரவர் வாரிசுகளுக்குப் போய்விடுவதால் பங்கு போடவும் எதுவும் மிஞ்சாது. எஞ்சுவது வட்டி ஒன்றே. அதிலும் கார்ப்பரேஷனின் செலவைக் கழித்துக்கொண்டது. என் மாதிரிக் கணக்கில் அது 70,000 ரூபாய்க்கும் கீழேதான் வரும். ஆன்யூட்டி வங்கி வட்டிக்குக்கூடச் சமானமில்லை என்று சிலர் சொல்வது எஃப் விருப்பத்தை வைத்துத்தான். அதை வைத்துச் சொன்னால் அவர்கள் சொல்வதும் உண்மையே. ஒரே வயது, ஒரே தொகைக்கு ஏ விருப்பத்துக்கும் எஃப் விருப்பத்துக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். என் கணக்கில் வித்தியாசம் வருஷத்துக்கு 18,700 ரூபாய்க்குக் குறையாது. உனக்குப் பின் பிள்ளைகள் 10 லட்சம் பெறுவதற்காக நீ இருக்கும் நாளெல்லாம் கட்டும் கட்டணம் அது. பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதற்கென்று ஒரு தொகையைத் தனியே வங்கியில் ஒதுக்கி வை. வருஷாசனத்துக்குள் அதைக் கலக்காதே.

உன் மனைவியின் விஷயம் வேறு. அவள் உன்னைவிட இளையவள். உனக்குப் பின் பல வருஷம் இருக்கக்கூடியவள். ஏ விருப்பத்தை எடுத்தால் உன்னோடு எல்லாம் நின்றுவிடும். ஆகையால் இருவரில் கடைசியாக இருப்பவர்வரைக்கும் முழுத் தொகையும் வரும் கூட்டு வருஷாசனத்தையே நீ எடுக்கவேண்டும். காகிதத்தில் அது ஐ என்று இருக்கும். ஜே என்பதும் கூட்டுதான், ஆனால் அசலைத் திருப்பித் தரும் வகை. எழுத்து மாறாமல் பார்த்துக்கொள். இருவரில் ஒருவராவது 29 வருஷம் இருப்பார் என்று கொண்டால், 10 லட்சத்துக்கு 88,700-க்குப் பதில் ஏறத்தாழ 81,400 ரூபாய் வரும். குறையும் 7,300 ரூபாய் அவளுடைய பாதுகாப்புக்கான விலை. அதைக் கொடுக்கத் தயங்காதே.

எல்லாப் பணத்தையும் இன்றே இதில் போடு என்று நான் சொல்லவில்லை. வருஷாசனத்தின் தொகை ரூபாயில் நிலையாக நிற்கும், விலைவாசி நிற்காது. இன்று மாதச் செலவுக்குச் சரியாக இருப்பது 15 வருஷத்தில் பாதிச் செலவுக்கும் போதாமல் போகலாம். வருஷம் 3 சதவிகிதம் ஏறும் வகையும் உண்டு. ஆனால் அந்த 3 சதவிகிதம் ஆரம்பத் தொகையின்மேல் மட்டுமே கணக்கிடப்படுவதால் வரவரச் சுருங்கித் தெரியும். மேலும், எடுத்தபின் 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பலாமே தவிர, ஏ, ஐ போன்ற விருப்பங்களில் பிறகு அசலைக் கேட்டு வாங்க வழியில்லை. அவசர ஆபரேஷனுக்கு அந்தப் பணம் உதவாது. உனக்கோ உன் மனைவிக்கோ தேகநிலை சரியில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தால் அதை யோசித்துத்தான் முடிவு செய்யவேண்டும். அந்த மாதிரி ஏதாவது இருந்தால் எனக்கு மறைக்காமல் எழுது.

60 வயதில் மூன்றாவது அம்சம் மெலிந்திருக்கிறது என்று முன்பே காட்டினேன். ஆகையால் என் யோசனை இது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம்வரை போடலாம். 5 வருஷம் முடிந்தபின் 3 வருஷத்துக்கு நீட்டிக்கவும் இடமுண்டு. அங்கே வங்கியைவிட நல்ல வட்டியே கிடைத்துவருகிறது. அசலும் உன்னுடையதாகவே இருக்கும். பெரும்பகுதியை முதலில் அங்கே வை. ஆனால் அந்த வட்டி அந்தந்தக் கெடு முடியும்வரைக்கும்தான் உறுதி. 68 வயதில் மறுபடியும் போடும்போது என்ன விகிதம் இருக்கும் என்பதை யாரும் சொல்லமுடியாது. அதனால் இப்போதே சிறியதாக ஒரு வருஷாசனம் எடுத்துக்கொள். தொழிலாளர் பென்ஷனும் இதுவும் சேர்ந்து, வீட்டு வாடகை, அரிசி பருப்பு, மருந்து, மின்சாரம் ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளில் பாதிக்காவது வரும்படி கணக்குப் போடு. மீதிப் பாதிக்கு வேண்டியதை 65 வயதுக்குப் பிறகு இரண்டு தவணைகளில் வாங்கு. 70 வயதில் சராசரி ஆயுள் இன்னும் 15 வருஷம் என்று வைத்துக்கொண்டால், அதே 10 லட்சத்துக்கு ஒருவர் ஆயுளின்மேல் ஏறத்தாழ 1,09,800 ரூபாய் வரும். கூட்டு வகையில் இதைவிடக் குறையும் என்றாலும், 60 வயதில் வாங்கியதைவிடக் கணிசமாகக் கூடும். எஃப் விருப்பத்திலோ 70 வயதிலும் அதே பழைய வட்டியைத்தான் பெறுவாய். தவணைகளாக வாங்குவதில் இன்னொரு அநுகூலமும் உண்டு: வட்டி விகிதம் தாழ்ந்திருந்த ஒரே நாளில் ஆயுள் முழுவதுக்குமான விலையை நிச்சயம் செய்துகொண்டுவிட்டோம் என்ற மனக்குறைக்கு இடமிராது. வருஷாசனத்தில் வருவது முழுவதும் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் உன் மனைவியையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. இது அவளுடைய பிற்காலத்தைப் பற்றிய தீர்மானமாகையால், அவள் உட்கார்ந்து கேட்டு ஒப்புக்கொள்ளாமல் நாம் இருவர் மட்டும் முடிவு செய்வது சரியல்ல. வரும்போது உங்கள் இருவரின் பிறந்த தேதிச் சான்றுகளையும், சென்ற வருஷத்து மாதச் செலவுக் குறிப்பையும், ஏ, எஃப், ஐ, ஜே ஆகிய நான்கு விருப்பங்களுக்கும் 10 லட்சத்துக்கு எவ்வளவு என்று கார்ப்பரேஷன் கிளையிலிருந்து எழுதி வாங்கிய காகிதத்தையும் கொண்டுவா. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
மாமா